திருப்பத்தூர்னு ஒத்தை வார்த்தை அனுப்புனதுக்கு இவ்வளவு கூத்து

இந்த தடவை ஊருக்குப் போனதுல மத்ததெல்லாம் நல்லாத்தான் போச்சு, அதை விடுங்க. திருச்சி ஏர்போர்ட்ல இறங்குனதும் ஒரு டிராவல்ஸுக்கு வாட்ஸ்அப்ல "திருப்பத்தூர்"னு அனுப்புனேன் பாருங்க, அந்தக் கூத்தைத்தான் சொல்லணும்.

முதல்ல வந்தது வாய்ஸ் மெசேஜ். "சார், அங்க நேத்து ராத்திரி நல்ல மழை, இப்ப விட்டுருச்சு." மழையை யாருய்யா கேட்டா? நவம்பர் மாசம் சிங்கப்பூர் நம்பர்ல இருந்து வெறும் ஊர் பேர் வந்தா மழை விசாரிக்கிறாங்கன்னு அர்த்தமாம். நான் பதில் டைப் பண்றதுக்குள்ள ஒரு மேப் லொகேஷன் வந்து விழுது, ஒருவேளை வழி கேக்குறேனோன்னு. கடைசியாத்தான் ரேட்டு: 240 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 14 ரூபா, டிரைவர் பேட்டா 400, ஆக 3760, டோல் தனி.

240-னு பாத்ததும்தான் எனக்கு சங்கதியே வெளங்குச்சு. நம்ம சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு புதுக்கோட்டை, திருமயம், கீழச்சிவல்பட்டி வழியா போனா 100 கிலோமீட்டர் சுமார்தான் வரும். இவர் கணக்குப் போட்டது ஜோலார்பேட்டை பக்கத்துத் திருப்பத்தூருக்கு, 2019-ல தனி மாவட்டம் ஆச்சே, அதுக்கு. அப்ப இவ்வளவு நேரம் சொன்ன மழையும் அந்த ஊரு மழை, அனுப்புன மேப்பும் அந்த ஊரு மேப்பு!

முன்னெல்லாம் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பர்கிட்ட ஊர் பேரை மட்டும் சொன்னா போதும், "பிள்ளையார்பட்டி பக்கமா, ஜோலார்பேட்டை பக்கமா?"ன்னு ஒரே கேள்வி, கையை நீட்டி பஸ்ஸைக் காட்டிருவாரு. இப்ப வெளியூர் பஸ்ஸையெல்லாம் பஞ்சப்பூருக்கு மாத்திட்டாங்க, பெட்டியைத் தூக்கிட்டு அங்க வேற யாரு போறது. சிங்கப்பூர்ல ஆறு இலக்க போஸ்டல் கோடு போட்டா அந்த பிளாக் வாசல்லயே டாக்ஸி நிக்கும். இங்கயும் ஆறு இலக்கம் இருக்கு, நம்மூருக்கு 630211, அந்த ஊருக்கு 635601, அதைக் கேட்டிருந்தாக்கூட முடிஞ்சிருக்கும். ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க, தானா ஒண்ணை நெனச்சுக்கிட்டு பதில் அனுப்புறாங்க.

"பிள்ளையார்பட்டி பக்கம்பா, டிராப் மட்டும், இப்பவே"ன்னு அனுப்புனேன். ரேட்டு 2220-க்கு இறங்குச்சு. அதுலயும் 130 கிலோமீட்டர்னு போட்டிருந்துச்சு. ஏன்னு கேட்டா, "டிராப்னா மினிமம் 130 சார், வண்டி காலியால்ல திரும்பணும்"னு பதில். சரி, அதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிட்டேன்.

டிரைவர் தம்பி தங்கமான பையன். வழி முழுக்க ஊர்க்கதை பேசிட்டே வந்தான், லெம்பலக்குடி டோல்ல மட்டும் திரும்பிப் பாத்து, "சார், இது தனி"ன்னான்.