பேஸ்புக் பக்கத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்

பேஸ்புக் வணிகப் பக்கத்தில் அட்மின், எடிட்டர், மாடரேட்டர் என்ற பழைய பெயர்கள் இப்போது திரையில் இல்லை. புதிய அமைப்பில் பழைய அட்மின் முழுக் கட்டுப்பாடு உள்ளவர், எடிட்டர் பகுதிக் கட்டுப்பாடு உள்ளவர். மாடரேட்டருக்குக் குறிப்பிட்ட வேலைகள் மட்டும். பெயர் மாறினாலும் யாருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி மாறவில்லை.

முழுக் கட்டுப்பாடு உள்ளவர் புது ஆளைச் சேர்க்கலாம், பக்கத்தையே அழிக்கலாம், உங்களையும் நீக்கலாம். நீங்கள்தான் பக்கத்தைத் தொடங்கினீர்கள் என்பது அங்கே செல்லாது. பகுதிக் கட்டுப்பாடு உள்ளவரால் பதிவு போட, பதில் எழுத, விளம்பரம் ஓட்ட முடியும். ஆனால் பிறரைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

நான்கு பேர் வேலை செய்யும் ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். முழுக் கட்டுப்பாடு முதலாளிக்கும், வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் போதும். ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் கணக்கு முடங்கினால் பக்கம் அநாதையாகிவிடும். மூவருக்கு மேல் போனால் கவனம் சிதறும். புடவைப் படம் எடுத்துப் பதிவிடுபவருக்குப் பகுதிக் கட்டுப்பாடு. "விலை என்ன, கூரியர் உண்டா" என்று வரும் செய்திகளுக்குப் பதில் சொல்பவருக்குச் செய்திகளும் பின்னூட்டங்களும் மட்டும். அவர் Meta Business Suite என்ற பக்க மேலாண்மைக் கருவி வழியாக வேலை செய்வார்.

பதில் சொல்பவரிடம் அதிக உரிமை இருக்கக் கூடாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. "உங்கள் பக்கம் விதிமீறலுக்காக நீக்கப்படும், இந்த இணைப்பில் முறையிடுங்கள்" என்ற மோசடிச் செய்தி பெரும்பாலும் பக்கத்தின் இன்பாக்ஸுக்குத்தான் வரும். அதை முதலில் பார்ப்பவர் அவர்தான். பதற்றத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாலும், திருடனுக்குக் கிடைப்பது அவரிடம் உள்ள உரிமை மட்டுமே. முதலாளி அவரை நீக்கினால் கதவு மூடிவிடும். அவரிடம் முழுக் கட்டுப்பாடு இருந்தால், திருடன் முதலில் நீக்குவது முதலாளியை.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு, கடைப் பெயரில் ஒரு தனிநபர் கணக்கு திறந்து, அதை அட்மினாக்கி, கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுப்பது. கடைப் பெயரில் தனிநபர் கணக்கு வைப்பது விதிக்கு எதிரானது. பேஸ்புக் அதை முடக்கினால் பக்கத்துக்குள் நுழைய ஆளே இல்லை. யார் எதைப் போட்டார் என்றும் தெரியாது. அவரவர் சொந்தக் கணக்கிலிருந்தே சேர்க்க வேண்டும்.

விளம்பர ஏஜென்சி வந்தால் இன்னும் கவனம் தேவை. பக்கத்தை அவர்களுடைய பிசினஸ் கணக்கின் சொத்தாகச் சேர்க்க விடாதீர்கள். பிறகு பிரிவது பெரும்பாடு. உங்கள் பிசினஸ் கணக்கில் பக்கத்தை வைத்து, Partners பகுதியில் அவர்களுக்கு வேண்டிய உரிமையை மட்டும் பகிருங்கள்.

சரிபார்க்க, பக்கத்துக்கு மாறி Settings சென்று Page access திறந்தால் பட்டியல் முழுதும் தெரியும். வேலையை விட்டவரின் பெயரை அவர் கிளம்பும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். பட்டியலில் மிஞ்சும் ஒவ்வொருவரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டிருக்க வேண்டும், முதலாளி முதலில்.