உருபை வெட்டுவதா, பட்டியலில் வைப்பதா? தமிழில் கட்டளை வாங்கும் சாகச விளையாட்டு

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் தொடங்கும் ஒரு சொல்விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஆடுபவர் "பூட்டைத் திற" என்று தட்டுகிறார். ஆங்கிலத்தில் வினை முதலில் வரும். தமிழில் அது கடைசியில். அதைச் சமாளிப்பது எளிது: கடைசிச் சொல்லை வினைப்பட்டியலில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் முதல் சொல்லைப் பாருங்கள். "எடு சாவியை" என்று தட்டுபவருக்கும் வேலை நடக்கும். சிக்கல் "பூட்டைத்" என்பதில்தான்: விளையாட்டுக்குத் தெரிந்த பொருள் "பூட்டு". இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, விதி எழுதி உருபை வெட்டுவது. "சாவியை" என்றால் "யை" போக "சாவி". "விளக்கை" என்றால் "ஐ" போய் "உ" வர வேண்டும். "வீட்டை" வந்ததும் "ட்டை" என்பதை "டு" ஆக்கும் விதியைச் சேர்ப்பீர்கள். அந்த விதி "பூட்டை" என்பதைப் "பூடு" ஆக்கிவிடும். பூட்டுக்கு முன்னால் நிற்பவரிடம் "இங்கே பூடு இல்லை" என்று விளையாட்டு சொல்லும். சமையலறைக் காட்சியென்றால் பூடு இருந்தாலும் இருக்கும், அது இன்னும் மோசம். உருபே ஏறாத "சட்டை"யும் "சடு" ஆகும். எழுத்தை மட்டும் பார்த்து வீட்டையும் பூட்டையும் பிரிக்க முடியாது. சொல் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு பொருளுக்கும் இரு வடிவங்களைக் கையால் எழுதிவைப்பது: பூட்டு, பூட்டை. முப்பது பொருள் என்றால் அறுபது பதிவு. ஒரு மாலை வேலைகூட இல்லை. அந்தப் பதிவுகள் `FORMS` என்ற அகராதியில் இருக்கட்டும். வல்லொற்றை மட்டும் நிரல் கழிக்கட்டும்:

```python
import unicodedata

def find(w):
    w = unicodedata.normalize("NFC", w)
    if w in FORMS:
        return FORMS[w]
    if w[-2:] in ("க்", "ச்", "த்", "ப்"):
        return FORMS.get(w[:-2])
```

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஒற்றைக் கழித்தால், நம் பேச்சில் புழங்கும் "கப்" வெறும் "க" ஆகிவிடும். `NFC` எதற்கென்றால், "தொ" என்பதைச் சில கருவிகள் ஒரே குறியாகவும் சில இரண்டாகவும் அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. பட்டியலில் உள்ள சொற்களையும் இதே வடிவில் வைத்திருங்கள்.

சொற்களைப் பிரிக்க `split()` போதும். பைத்தானின் `re` தொகுப்பில் உள்ள `\w+` உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாது. "விளக்கை" என்பது வ, ளக, க என்று மூன்றாக உடையும். "தெரியவில்லை" என்றே எல்லாக் கட்டளைக்கும் பதில் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

பட்டியலில் இல்லாத சொல்லையும் பிரித்துக் காட்டும் என்பது விதி எழுதும் வழிக்கு ஆதரவான வாதம். ஆனால் விளையாட்டில் இல்லாத பொருளை வைத்து எஞ்சின் என்ன செய்யும்? பட்டியலோ திரும்பிப் பேசவும் உதவும்: "சாவியை எடுத்துக்கொண்டீர்கள்" என்று அச்சிட அதே பதிவு போதும். பேச்சுவழக்கில் "கதவ தொற" என்று தட்டுவார்கள் என்றால், "கதவ" என்ற இன்னொரு பதிவும் "தொற" என்ற இன்னொரு வினையும் சேர்த்தால் முடிந்தது.