லைனரில் ஊசித் துளை: பச்சைத் தண்ணியா, அடிட்டிவ்வா, சிவப்புக் கூலன்றா?

எஞ்சினில் பிஸ்டன் ஓடுகிற உறையான லைனரைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தால் விளங்கும். உள்பக்கம் வழவழவென்று நல்லாய்த்தான் இருக்கும். வெளிப்பக்கத்தில், பிஸ்டன் அடிக்கிற திசையில்தான் பெரும்பாலும், மேலிருந்து கீழாக ஒரு வரிசையில் கறையான் அரித்ததுபோலக் குழிகள். மாங்குளத்தில் என்ர டிப்பரைப் பிரித்த அன்று அதில் ஒரு குழி மறுபக்கம் வரை போயிருந்தது. ஒயில் பால்தேத்தண்ணி நிறமானதற்குக் காரணம் அந்த ஊசித் துளைதான்.

பிஸ்டன் இடிக்கும்போது லைனர் அதிர்கிறது. சுவரை ஒட்டிய தண்ணியில் நுண்ணிய ஆவிக்குமிழிகள் உண்டாகி, அந்த இடத்திலேயே உடைந்து, இரும்பைக் கொத்துகின்றன. தண்ணியில் சேர்க்கிற மருந்தான அடிட்டிவ்வில் உள்ள நைற்றைற்று இரும்பின்மேல் மெல்லிய படலத்தை உருவாக்குகிறது. குமிழி அதைக் கிழித்தால் மறுபடி மூடுகிறது. தண்ணி நேரடியாக லைனரில் படும் எஞ்சினுக்கே இந்தக் கவலை. கமின்ஸ் 8.3 லீற்றர் சி வகையில் அப்படி லைனர் உண்டு, 5.9 லீற்றர் பி வகையில் லைனரே இல்லை. முதலில் உங்கள் எஞ்சின் எது என்று பாருங்கள்.

“வன்னியில் பனி உறைகிறதா? கூலன்ற் எதற்கு?” என்று கேட்டு பச்சைத் தண்ணி ஊற்றுகிறவர்கள் நிறைய. உறையாது, உண்மைதான். ஆனால் குழி விழுவதற்குக் குளிர் தேவையில்லை. எங்கள் கிணத்துத் தண்ணி கேத்திலின் அடியில் விடுகிற வெள்ளைப் படிவு லைனரிலும் படியும். இந்த வழியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மிச்சம் இரண்டு. முதலாவது, நைற்றைற்றும் மொலிப்டேற்றும் கலந்த அடிட்டிவ்வை வடித்த தண்ணியிலோ கூலன்றிலோ சேர்த்து, நிறம் மாறிக் காட்டுகிற சோதனைத் தாளான ஸ்ரிப்பால் அளந்துகொண்டே ஓடுவது. எஞ்சின் ஆறிய பிறகு றேடியேற்றரின் வடிகுழாயில் மாதிரி எடுக்க வேண்டும். மேலே உள்ள மேலதிகத் தாங்கியில் எடுத்தால் அளவு பொய்க்கும். ஸ்ரிப்பை ஒரு செக்கன் தோய்த்து, உதறி, பெட்டியில் சொன்ன நேரம் பொறுத்து வாசிக்க வேண்டும். என்ர பெட்டியில் 45 முதல் 75 செக்கன். பிந்தினால் நிறம் மாறிவிடும். மொலிப்டேற்று நிறமும் நைற்றைற்று நிறமும் அட்டவணையில் சந்திக்கிற கட்டத்தில் கலனுக்கு எத்தனை யூனிற் என்று இருக்கும். 1.2க்குக் கீழே போனால் லைனருக்கு ஆபத்து. 3க்கு மேலே போனால் சேர்ப்பதை நிறுத்த வேண்டும். மருந்து கூடினால் படிவு விழுந்து தண்ணிப் பம்பின் சீல் ஒழுகும்.

என்ர டிப்பரில் 40 லீற்றர் பிடிக்கும். ஸ்ரிப் 0.8 காட்டியது. 2க்குக் கொண்டுவர கலனுக்கு 1.2 யூனிற் குறை. அட்டவணையின் கலன் அமெரிக்கக் கலன், அதாவது 3.8 லீற்றர்; நாங்கள் பழகிய 4.5 லீற்றர் கலனால் பிரித்தால் மருந்து குறைந்துபோகும். 40 லீற்றர் என்றால் பத்தரைக் கலன், 1.2ஆல் பெருக்கினால் 12.6 யூனிற். நான் வாங்கிய அரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த போத்தலில் 5 யூனிற் என்று எழுதியிருந்தது. ஆகவே இரண்டரைப் போத்தல்.

இந்த இரண்டு நிறங்களும் அளவை மட்டும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இறங்கினால், யாரோ வெறும் தண்ணி ஊற்றியிருக்கிறார்கள். மொலிப்டேற்று அப்படியே நிற்க நைற்றைற்று மட்டும் இறங்கினால், அது செலவாகிக்கொண்டிருக்கிறது. காற்று உள்ளே போகிறதா, ஹெட் கேஸ்கெற்றால் புகை கசிகிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். இந்தத் தகவலுக்காகவே நான் அடிட்டிவ் பக்கம் நிற்கிறேன்.

மற்றது நைற்றைற்று இல்லாத, சேதன அமில வகை நீண்ட ஆயுள் கூலன்ற். பெரும்பாலும் சிவப்பு, ஆனால் நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். அடிக்கடி மருந்து சேர்க்கிற வேலை இதில் இல்லை. கசிவில்லாத எஞ்சினுக்கும், அதே கூலன்றை மட்டும் ஊற்றுகிற சாரதிக்கும் இது நல்லது. கிரவல் கிடங்கில் மத்தியானம் சூடேறினால் கையில் கிடைத்த போத்தல் தண்ணியை ஊற்றுகிற வண்டிக்கு இது சரிவராது, ஐதாகிப் போகும். நைற்றைற்று ஸ்ரிப்பைத் தோய்த்தால் சைபர்தான் காட்டும். அதைப் பார்த்துப் பதறி அடிட்டிவ் ஊற்றிவிட்டால் இரண்டும் கெடும். அதற்கென்று வேறு ஸ்ரிப் உண்டு. மாற விரும்பினால் முழுதாக வடித்து, நல்ல தண்ணியால் அலசி, பிறகு நிரப்புங்கள்.

பழைய டிப்பருக்கு அடிட்டிவ்வும், வடித்த தண்ணியும், ஸ்ரிப்பும்தான் என்ர தெரிவு. ஸ்ரிப் பெட்டியை மட்டும் டாஷ்போட்டில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் பட்டால், தோய்க்காத ஸ்ரிப்பிலேயே நைற்றைற்றுக் கட்டம் மண்ணிறமாகிவிடும். அப்படி ஆனால் அந்தப் பெட்டியை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குங்கள்.