அடிவானமா, பக்கத்து ஆளா? படத்தில் ஆளைச் சேர்க்க எது அளவு

சொத்தவிளை கடற்கரையில் எடுத்த குடும்பப் படம். மஸ்கட்டில் இருக்கும் மச்சானை அதில் சேர்க்க வேண்டும். பெரியப்பா அவர் உயரம்தான், 1.65 மீட்டர். படத்தில் அவர் 660 பிக்சல். மச்சானைச் சற்றுப் பின்னால் நிறுத்துவதால் கண்மதிப்பில் 560 ஆக்கினேன். அத்தை பார்த்ததும் கேட்டார்: "இவன் எப்ப இவ்வளவு வளந்தான்?"

பக்கத்து ஆளை வைத்து அளப்பதில் உள்ள சிக்கல் இதுதான். இருவர் பாதமும் ஒரே கோட்டில் இருந்தால் மட்டும் அது பலிக்கும். பாதத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் எவ்வளவு குறைப்பது என்று அது சொல்லாது.

அடிவானம் சொல்லும். கேமரா தரையிலிருந்து 1.5 மீட்டரில் இருந்தால், அதே சமதரையில் நிற்கும் எல்லாரையும், கிட்டத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், கடலின் கோடு 1.5 மீட்டர் உயரத்திலேயே வெட்டும். பெரியப்பாவுக்கு அது மூக்கை ஒட்டிப் போனது. என் மச்சானுக்கோ நெஞ்சில்! மச்சானின் பாதத்திலிருந்து அடிவானம் 400 பிக்சல். அதுதான் அந்த இடத்தில் 1.5 மீட்டர். அப்படியானால் 1.65 மீட்டர் ஆளுக்கு 440. ஃபோட்டோஷாப்பில் Ctrl+T போட்டு 440-க்குக் குறைத்ததும் கோடு அவர் மூக்குக்கு வந்துவிட்டது.

சரி, பக்கத்து ஆள் எதற்குமே உதவாதா? முட்டத்தில் உதவுவார். அங்கே பாறை மேலிருந்து கீழே மணலைப் படம் எடுத்தால் அடிவானம் எல்லார் தலைக்கும் மேலே போய்விடும், கேமரா எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதும் தெரியாது. மணலில் நிற்கும் மீனவர் ஒருவர் 200 பிக்சல், அவர் பாதத்திலிருந்து அடிவானம் 800 என்று வையுங்கள். அந்த மணலில் எங்கே ஆளை நிறுத்தினாலும், அவரும் அதே உயரம் என்றால், பாதம் முதல் அடிவானம் வரையுள்ள தூரத்தில் கால் பங்கு. பாறை மேல் நிற்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர் தரை வேறு.

நாஞ்சில் நாட்டு வயல் படத்தில் கடல் கிடையாது. தாடகை மலையின் உச்சிக் கோட்டை அடிவானம் என்று எடுத்துக்கொண்டால் ஆள் ராட்சசனாகிவிடுவார். நேராக, சமமாக ஓடும் இரண்டு இணை வரப்புகளை நீட்டினால் அவை சேரும் புள்ளி இருக்கும் உயரம்தான் அடிவானம்.

அளவு சரியானபின்னும் மச்சான் மணலில் ஒட்டவில்லை. அவர் படம் அறைக்குள், இடுப்புயரத்தில் போனைப் பிடித்து எடுத்தது. தரை டைல்ஸ் கோடுகளை நீட்டியபோது அவை அவர் பெல்ட் அருகே சேர்ந்தன. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் செருப்பின் மேல்பக்கம் குறைவாகவே தெரியும். மணலில் நிற்கும் மற்றவர்களுக்கோ விரல்கள் வரை தெரிந்தன. இதை அளவை மாற்றிச் சரிசெய்ய முடியாது. போனை 1.5 மீட்டர் உயரத்தில், கடற்கரைப் படத்தில் கேமராவிலிருந்து அவர் நிற்கும் இடம் இருக்கும் ஏறக்குறைய அதே தூரத்தில் வைத்து வேறு படம் எடுக்கச் சொன்னேன். அப்புறம் டைல்ஸ் கோடுகள் சேரும் உயரத்தைக் கடல் கோட்டில் பொருத்தி, பாதம் மணலில் அதன் இடத்துக்கு வரும்வரை சுருக்கினேன். கணக்கே போடவில்லை, 440 தானாக வந்தது.