வரம்பு தாண்டிய கட்டுரை: மார்க்கைக் கழிப்பதா, கோடு போடுவதா?

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இளங்கலை அசைன்மென்ட் கட்டுரைகளைத் திருத்துகிறேன். வரம்பு 1000 சொல், மொத்தம் 100 மார்க். வரம்பைத் தாண்டினால் முழுக்கப் படித்து மார்க் போட்டுவிட்டு அபராதம் கழிக்கலாம். இல்லையென்றால் ஆயிரமாவது சொல்லில் கோடு போட்டு, கீழே இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். இந்தப் பருவத்தில் நான் கோட்டுக்கு மாறிவிட்டேன்.

கழிப்பது எளிது. எல்லையில்தான் தகராறு. 10 சதவீதம் சலுகை, அதற்கு மேல் 5 மார்க் கழிவு என்று வைத்தால், 1100 சொல்லுக்கு ஒன்றுமில்லை, 1101க்கு 5 போச்சு. 1190 எழுதியவருக்கும் அதே 5தான். தமிழில் துணைவினையைச் சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம். இடைவெளி தட்டும் பழக்கமே அந்த 5 மார்க்கைத் தீர்மானித்துவிடும். தேர்ச்சிக்கு 40 என்றால், 44 எடுத்த பிள்ளை 39க்கு இறங்கி ஃபெயில்.

கோடு போட்டால் இந்தத் திடீர்ப் பள்ளம் இல்லை. 1001 எழுதியவர் ஒரு சொல்லை இழக்கிறார், அவ்வளவுதான். பன்னாட்டுப் பள்ளிப் படிப்பான ஐ.பி. டிப்ளமாவின் நீள்கட்டுரையிலும் 4000 சொல்லுக்கு மேல் தேர்வாளர் படிப்பதில்லை. அதற்காக இது இளகிய முறை என்று நினைக்க வேண்டாம். 1150 சொல் கட்டுரை ஒன்று, முழுக்கப் படித்தால் 64 பெறும். கழித்தால் 59. கோடு போட்டபோது முடிவுரை முழுவதும் கீழே போய், அதற்குரிய 7 மார்க் போனது, கிடைத்தது 57.

“சார், முடிவுரை எழுதியிருக்கேனே?”

“கோட்டுக்கு மேல இருக்கா பாரும்மா.”

கழிவு முறையில் 5 ஏன், 3 ஏன் இல்லை என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. இங்கே எந்தப் பத்தி போனதால் எந்த மார்க் போனது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. சொன்னதையே திருப்பிச் சொல்லி நீட்டியவருக்கு எதுவும் குறையாதுதான். ஆனால் அவருக்கு லாபமும் இல்லை. உட்கார்ந்து வெட்டிச் சுருக்கியவர் ஏமாறவில்லை என்பதே எனக்கு முக்கியம்.

இதிலும் ஓட்டை உண்டு. வாதத்தை அடிக்குறிப்புக்குள் தள்ளிவிடுவார்கள். அதனால் அடிக்குறிப்பு எண்ணிக்கையில் சேரும், துணைநூல் பட்டியல் சேராது என்று தலைப்பு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

குறைவாக எழுதினால்? தனி அபராதமே வேண்டாம் என்பேன். 700 சொல்லில் சான்று போதவில்லை என்றால் உள்ளடக்க மார்க் ஏற்கெனவே குறைந்திருக்கும். நீளத்துக்கென்று இன்னொரு முறை கழித்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. 850 சொல்லில் எல்லாம் வந்துவிட்டதென்றால் மீதி 150 எதற்கு?

இதெல்லாம் தட்டச்சு செய்த கட்டுரைக்குத்தான். கையால் எழுதும் தேர்வில் கோடு போட்டுப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அங்கே மூன்று வரி எண்ணி, சராசரி எடுத்து, மொத்த வரியால் பெருக்குகிறோம். அந்த உத்தேசக் கணக்கை நம்பி ஒருவருடைய முடிவுரையைத் தள்ள மனம் வராது. அங்கே 10 சதவீதச் சலுகையே இருக்கட்டும்.