வர முடியாது, ஆனால் 25 நிமிடம் தர முடியும்: எந்த வழியில் சொல்வது?

கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு மேலாளரை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை காலை, கொள்முதல் பிரிவுத் தலைவியிடமிருந்து ஒரு கூட்ட அழைப்பு வருகிறது: வியாழன் 11 முதல் 12 மணி வரை, வார்ப்புகள் தரும் ஃபவுண்டரியுடன் பேச்சு. எட்டுப் பேருக்கு அழைப்பு போயிருக்கிறது. ஆனால் அதே 11 மணிக்கு ஐஎஸ்ஓ 9001 தணிக்கையின் நிறைவுக் கூட்டம். தணிக்கையாளர் கண்டறிந்த குறைகளை வாசிக்கும்போது தரப் பிரிவு மேலாளர் எதிரில் இல்லாமல் முடியாது. ஆக, கொள்முதல் கூட்டத்தைத்தான் விட வேண்டும். எப்படி விடுவது என்பதற்கு அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

பலரும் முதலில் பிடிப்பது அவுட்லுக்கில் உள்ள Tentative பொத்தானை. முகத்துக்கு நேரே மறுக்காத மாதிரி இருக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றும். நான்கில் மிக மோசமான வழி இதுதான் என்பேன். அழைத்தவர் அந்தப் பதிலை ‘அநேகமாக வந்துவிடுவார்’ என்றே எடுத்துக்கொள்வார். அதை நம்பி ஃபவுண்டரிக்காரரையும் வரச் சொல்லிவிடுவார். வியாழன் காலையில் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரியும். உண்மையிலேயே நிலைமை தெளிவாகாதபோது, எடுத்துக்காட்டாகத் தணிக்கை ஒரு நாள் தள்ளிப்போக வாய்ப்பிருக்கும்போது, இந்தப் பொத்தான் சரி. வர முடியாது என்று தெரிந்துகொண்டே அதை அழுத்துவது அடுத்தவரின் திட்டத்தைக் கெடுப்பதாகும்.

இரண்டாவது, காரணம் எதுவும் எழுதாமல் Decline. நேர்மையான பதில்தான், சந்தேகம் இல்லை. ஆனால் ஃபவுண்டரி அனுப்பிய வார்ப்புகளில் எவற்றைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தான். வெறும் மறுப்பு வந்தால் கொள்முதல் தலைவி கூட்டத்தையே அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார், அல்லது இவர் இல்லாமல் நடத்திவிட்டு அதே விஷயத்துக்கு இன்னொரு கூட்டம் போடுவார். தலையைக் காட்டிவிட்டு வரும் கூட்டங்களுக்கு இந்த வெறும் மறுப்பு போதும். முடிவெடுக்க வேண்டிய கூட்டத்துக்குப் போதாது.

மூன்றாவது வழி மென்பொருளிலேயே இருக்கிறது. அவுட்லுக்கில் Decline and Propose New Time, கூகுள் காலண்டரில் Propose a new time. தொடக்க நேரம், முடியும் நேரம் இரண்டையும் மாற்றலாம் என்பதால், ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் பதிலாக 25 நிமிடத்தையும் இதில் கேட்கலாம். கேட்டவுடன் கூட்டம் மாறிவிடாது. யோசனை அழைத்தவருக்குப் போகும், அவர் ஏற்று எல்லோருக்கும் அனுப்பினால்தான் மாறும். இரண்டு பேர், மூன்று பேர் கூடும் கூட்டத்துக்கு இதைவிட விரைவான வழி இல்லை.

நம் மேலாளரின் கூட்டத்தில் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பதுதான் இங்கே சிக்கல். இந்தப் பொத்தான் கேட்பது முழுக் கூட்டத்தையும் நகர்த்தச் சொல்லி. ஒருவருக்காக மற்ற ஏழு பேரின் நாளும் கலைய வேண்டும். வெளியிலிருந்து வரும் ஃபவுண்டரிக்காரரும் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதோடு, ஐந்து பொருள்கள் கொண்ட நிகழ்ச்சி நிரலை 25 நிமிடத்தில் முடிக்கச் சொன்னால், கூட்டத்தை மதிக்காதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். குறைந்த நேரம் எதற்குப் போதும் என்பதை வெறும் கடிகார எண்கள் சொல்வதில்லை.

ஆகவே இவருக்கு ஏற்றது நான்காவது வழி: கூட்டத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தன் பங்கை மட்டும் பிரித்து, அழைத்தவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது. Decline அழுத்தும்போதே பதிலோடு இப்படி எழுதலாம்:

“வணக்கம் மேடம். வியாழன் 11 மணிக்கு ஐஎஸ்ஓ தணிக்கையின் நிறைவுக் கூட்டம் இருக்கிறது. அதை மாற்ற இயலாது என்பதால் உங்கள் கூட்டத்துக்கு வர முடியவில்லை. நிகழ்ச்சி நிரலில் 2, 3 ஆகிய பொருள்களுக்கு என் முடிவு தேவைப்படும். அவற்றை மட்டும் பேச, புதன் மாலை 4.00 முதல் 4.25 வரை உங்களைச் சந்திக்கலாமா? அது ஒத்துவராவிட்டால் வியாழன் காலை 9.30 முதல் 9.55 வரை வருகிறேன். திருப்பி அனுப்ப வேண்டிய வார்ப்புகளின் பட்டியலை இன்று மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். எனக்காகக் கூட்டத்தை மாற்ற வேண்டாம். எங்கள் உதவி மேலாளர் வருவார்.”

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, முடியும் நேரம். “புதன் 4 மணிக்கு வருகிறேன்” என்று மட்டும் எழுதியிருந்தால், அழைத்தவர் காலண்டரில் அந்தக் கூட்டத்தை அப்படியே இழுத்துப் புதன் 4 மணியில் போட்டுவிடக்கூடும். இழுக்கும்போது தொடக்க நேரம்தான் மாறும். ஒரு மணி நேர நீளம் அப்படியே இருக்கும். 25 நிமிடம் கேட்டவர் மறுபடியும் ஒரு மணி நேரத்தில் சிக்கிக்கொள்வார். “4.25 வரை” என்ற இரண்டு சொற்கள் அதைத் தடுக்கின்றன. இரண்டாவது, அந்த இரு நேரங்களும் வியாழன் 11 மணிக்கு முன்னால் வருகின்றன. மாற்று நேரத்தைக் கூட்டம் முடிந்த பிறகு கொடுத்தால், முடிவு இல்லாமலே எட்டுப் பேரும் கூடிக் கலைவார்கள்.

25 நிமிடம் போதுமா என்று எப்படித் தெரியும்? பட்டியல் முந்தைய நாளே போய்விடுவதால், படித்துக் காட்டும் நேரம் மிச்சமாகிறது. மீதி இருப்பது இரண்டு கேள்விகள்: எந்த வார்ப்புகளைத் திருப்பி அனுப்புவது, எவற்றை மறுவேலை செய்து எடுத்துக்கொள்வது. பட்டியலை அனுப்ப முடியாத நிலை என்றால் குறைந்த நேரத்தைக் கேட்கவே கூடாது. அப்போது உட்கார்ந்து விளக்குவதிலேயே நேரம் ஓடிவிடும், பேச்சு முடியாமல் இன்னொரு நாள் தேவைப்படும்.

அழைத்தவர் மேலதிகாரி என்றால், எழுதுவதற்கு முன் ஒரு முறை தொலைபேசியில் சொல்லிவிடுவது நம் அலுவலகங்களில் நல்ல பழக்கம். ஆனால் பேச்சோடு நிறுத்திவிடக் கூடாது. காலண்டரில் பதில் பதிவாகாத வரை அழைப்புப் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே பதில் இல்லை என்றே இருக்கும். அதைப் பார்க்கும் மற்றவர்களுக்குத் தொலைபேசியில் பேசியது தெரியாது.

பொத்தான் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். அழைத்தவர் நேர யோசனைகளை ஏற்கும் வசதியை அணைத்து வைத்திருந்தால், அவுட்லுக்கில் அந்தத் தெரிவு வேலை செய்யாது. வாரந்தோறும் நடக்கும் தொடர் கூட்டத்துக்கு மொத்தமாக வேறு நேரம் கேட்கவும் முடியாது. மோதுகிற அந்த ஒரு நாளைத் திறந்துதான் கேட்க வேண்டும். தொடர் முழுவதையுமே சுருக்க வேண்டும் என்றால் கடிதம்தான் வழி.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கூட்டம் என்றால் பொத்தானே மேல். நேர மண்டலத்தை அதுவே மாற்றிக் காட்டிவிடும். கடிதத்தில் எழுதினால் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். நம் மாலை 3.30, ஜெர்மனியில் கோடையில் பகல் 12 மணி, பலர் சாப்பிடப் போகும் நேரம். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, அதே 3.30 அவர்களுக்குக் காலை 11 மணி.