திரை சொன்ன மூன்றரை: ஹட்டனிலிருந்து இரண்டு ஆண்டு விளம்பரக் கணக்கு

ஹட்டனில் வீட்டின் முன்னறையில் வைத்துத் தேயிலைத் தூள் பொதி செய்து இணையத்தில் விற்கிறேன். பேஸ்புக்கில் விளம்பரம் போடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் விளம்பரப் பக்கம் காட்டிய ஓர் எண்ணை நம்பியே காலம் தள்ளினேன். ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்ற விகிதம் அது. ரோவாஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அது 3.5 என்று காட்டியது. மூன்றரை மடங்கு! ஆனால் மாதக் கடைசியில் தொழிற்சாலைக்காரருக்குத் தூள் காசு கொடுக்க மனைவியின் சீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டியிருந்தது.

நான் விற்பது 450 கிராம் பொதி இரண்டு. கூரியர் செலவும் சேர்த்து விலை 2,800 ரூபாய். முழு ஒரு கிலோவாக ஏன் விற்கவில்லை என்று கேட்பார்கள். பெட்டியின் எடையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். கூரியர்காரர்கள் அதை இரண்டு கிலோவாகக் கணக்கிடுவார்கள். இந்த 2,800இல் தூளுக்கு 1,300, பொதி, லேபிள், பெட்டிக்கு 150, கூரியருக்கு 450 போய்விடும். மிச்சம் 900. அதாவது ஒரு விற்பனைக்கு 900 ரூபாய்க்கு மேல் விளம்பரத்தில் போனால் அந்த விற்பனையில் நட்டம். 2,800ஐ 900ஆல் வகுத்தால் 3.1 வரும். என் கடைக்கு நட்டமில்லாத எல்லை அதுதான். மூன்று மடங்கு வந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லும் ஆலோசனை எனக்கு நட்டக் கணக்கு. துணி விற்பவருக்கும் தூள் விற்பவருக்கும் மிச்சம் ஒன்றல்லவே.

3.5 என்பது 3.1ஐ விட அதிகம்தானே, பிறகு காசு எங்கே போனது? ஒரு மாதத்தை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். விளம்பரச் செலவு 60,000 ரூபாய். திரையில் 75 விற்பனை, 2,10,000 ரூபாய். ஆனால் எங்கள் வியாபாரத்தில் பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த பிறகே காசு கொடுப்பார்கள். ஓடர் உறுதியான நொடியில் என் இணையத்தளம் விற்பனை என்று பேஸ்புக்குக்குச் சொல்லிவிடுகிறது. மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ வாசலில் நின்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால், அந்த விற்பனை திரையிலிருந்து கழிவதில்லை. அந்த மாதம் 12 பார்சல்கள் திரும்பின. ஒவ்வொன்றிலும் கூரியர் செலவு 450 வீண். வந்து சேர்ந்த 63 பார்சல்களை மட்டும் எடுத்தால் விகிதம் 2.94. எல்லைக்குக் கீழே!

அதோடு நிற்கவில்லை. அந்த 63 பேரில் 15 பேர் ஏற்கனவே என்னிடம் வாங்கியவர்கள். தூள் முடிந்ததும் வட்ஸ்அப்பில் எனக்கே எழுதியிருக்கக்கூடியவர்களை விளம்பரம் வழியில் மறித்து, தான்தான் கூட்டிவந்ததாகப் பெயர் வாங்கியிருந்தது. ஆக உண்மையில் புதியவர்கள் 48 பேர். விளம்பரம் 60,000, திரும்பிய பார்சல்களுக்கு 5,400, மொத்தம் 65,400. 48ஆல் வகுத்தால் ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க 1,363 ரூபாய். அவர் முதல் ஓடரில் தருவது 900. ஒவ்வொரு புதியவரையும் 463 ரூபாய் கடனோடுதான் வரவேற்றிருக்கிறேன்.

புதியவர் யார், பழையவர் யார் என்று பிரிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. நான் தொலைபேசி எண்ணை வைத்துப் பிரித்தேன். ஒரே எண்ணை ஒருவர் முதல் தடவை 077 என்றும் அடுத்த தடவை +9477 என்றும் அடித்திருப்பார். தாளில் இரண்டு பேர் ஆகிவிடுவார். கணவன் எண்ணில் ஒரு தடவை, மனைவி எண்ணில் ஒரு தடவை என்றும் வரும். இதனால் புதியவர்கள் பெருகியதுபோலத் தோன்றி, பிடிப்புச் செலவு குறைந்ததாக மனம் குளிர்ந்துவிடும். இப்போது எண்ணின் கடைசி ஒன்பது இலக்கங்களையும் முகவரியையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

அந்த 463 எப்போது திரும்பியது? அந்த 48 பேரை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, மாதாமாதம் அவர்களின் மறு ஓடர்களைக் கோடு போட்டுவந்தேன். மறு ஓடருக்கு விளம்பரச் செலவில்லை. 900 அப்படியே நிற்கும். மூன்று மாதத்தில் 17 மறு ஓடர்கள். தலைக்கு 319 ரூபாய். முதல் 900ஓடு சேர்த்தால் 1,219, இன்னும் போதாது. ஐந்தாம் மாதம் மறு ஓடர்கள் 26 ஆனபோது தலைக்கு 1,387 வந்து 1,363ஐத் தாண்டியது. என் மீட்சிக் காலம் ஐந்து மாதம். ஓடர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சராசரி பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. பழையவர்களின் ஓடர்கள் புதியவர்களின் நட்டத்தை மூடியிருக்கும்.

ஐந்து மாதம் என்பது கேட்கச் சின்னது. கைக்காசில் அது பெரியது. மாதம் 48 பேர் வீதம் சேர்ந்தால், முந்தைய மாதத்தவர்களின் கடன் அடையுமுன்னே அடுத்த மாதத்தவர்கள் வந்துவிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 60,000 ரூபாய் அப்படி வெளியே நிற்கிறது. இது தெரியாமல்தான் நான் விளம்பரத்தை இரட்டிப்பாக்கினேன். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளைப் பக்கத்தில் நல்ல தரமான தூள் வரும் காலம். வாங்கிவைக்க வேண்டிய அந்த நேரத்தில் காசெல்லாம் விளம்பரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. வியாபாரத்தில் நட்டம் என்று சொல்லவும் முடியாது. மூச்சு மட்டும் முட்டியது.

இன்னொரு தவறு டிசம்பரில். பரிசுப் பெட்டி விளம்பரம் பிரமாதமாக ஓடியது. புதியவரைப் பிடிக்க 980 ரூபாய்தான் ஆனது. பெட்டியில் மிச்சம் 800. இப்போதுதான் வழி கண்டேன் என்று தம்பியிடம் பெருமையடித்தேன். அவன் ஒரே வார்த்தையில், "பரிசு வாங்கினவன் தேத்தண்ணி குடிக்கிறவனா அண்ணே?" என்று கேட்டான். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தேன். 40 பேரில் மறு ஓடர் மூன்று. 980 போட்டு 868தான் வந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோடு நகரவேயில்லை. மலிவாகக் கிடைத்தவர்கள் விலையுயர்ந்தவர்களாக முடிந்தார்கள். இப்போது பரிசு வாங்கியவர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் செய்த மாற்றம் இரண்டுதான். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு புதிய ஓடருக்கும் தொலைபேசியில் பேசுகிறேன்; திரும்பும் பார்சல்கள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. பழைய வாடிக்கையாளர்களின் எண்களை விளம்பரக் கணக்கில் ஏற்றி, அவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று விலக்கினேன். உடனே திரையில் விகிதம் 3.5இலிருந்து 2.7க்கு விழுந்தது. தம்பி பதறிப்போனான். வங்கிக் கணக்கில் மட்டும் மாதக் கடைசியில் காசு மிஞ்சத் தொடங்கியது.

இப்போது இரட்டைப் பெட்டி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறேன்: 450 கிராம் பொதி நான்கு, விலை 5,200. தூளும் பொதியும் போக, கூரியருக்கு நூறு ரூபாய்தான் கூடுகிறது, மிச்சம் 1,800. ஆனால் முன்பின் தெரியாத கடையில் முதல் தடவையே இவ்வளவு வாங்கத் தயங்குகிறார்கள். அதனால் ஒருவரைப் பிடிக்க 1,900 ஆகிறது. முதல் ஓடரிலேயே கணக்கு முடிய இன்னும் நூறு ரூபாய் குறைகிறது. பெட்டியைச் சற்று மெலிதாக்க முடியுமா என்று அச்சகத்தில் கேட்டிருக்கிறேன்.